‘ஒன்றுமில்லை’ என்ற பதிலுக்குப் பின்னால்

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். இந்த வருடம் தொடங்கியதிலிருந்து என் வகுப்பில் நான்கு பேர் என்னை ஒரு மாதிரி நடத்துகிறார்கள். பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், கிண்டல் செய்வார்கள். போன வாரம் என் கணக்கு நோட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டார்கள். அம்மாவிடம், நானே தவறிப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். தினமும் ‘பள்ளியில் எப்படி இருந்தது?’ என்று கேட்பார்கள், ஒன்றுமில்லை என்பேன். சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது. அப்பாவுக்குத் தெரிந்தால் பள்ளிக்கு வந்து சண்டை போடுவார், அப்புறம் இன்னும் அதிகமாகிவிடும். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் சில நாள் எங்காவது காணாமல் போய்விடலாம் போல இருக்கிறது. யாரிடமாவது சொல்வதென்றால் எப்படித் தொடங்குவது?

பதில்: உன் கேள்விக்குப் போவதற்கு முன், காணாமல் போய்விடலாம் போல இருக்கிறது என்ற அந்த வரியைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அந்த வகுப்பறையை விட்டு விலகினால் போதும் என்ற பொருளில் பல பிள்ளைகள் இப்படிச் சொல்வதுண்டு. உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்பதை நேராகச் சொல்ல முடியாமல் இப்படிச் சொல்பவர்களும் உண்டு. நீ எந்தப் பொருளில் எழுதினாய் என்பது உனக்குத்தான் தெரியும். இரண்டாவது பொருளில் என்றால், அல்லது எந்தப் பொருள் என்று உனக்கே குழப்பமாக இருந்தால், இதற்குக் கீழே நான் எழுதியிருக்கும் எதையும் பின்பற்றிக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டிலோ பள்ளியிலோ இன்று உன் அருகில் இருக்கும் ஒரு பெரியவரிடம் போய், “எனக்கு உயிரோடு இருக்கப் பிடிக்காதது போல இருக்கிறது, என்னைத் தனியாக விடாதீர்கள்” என்று மட்டும் சொல்லிவிடு. அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதும் இல்லை. அருகில் யாரும் இல்லையென்றால் உன் ஊரில் உள்ள குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கலாம். உன் கையிலோ உடம்பிலோ காயம் பட்டிருந்தாலும், யாராவது ஆயுதத்தைக் காட்டியோ படத்தைக் காட்டியோ மிரட்டியிருந்தாலும் இதையேதான் செய்ய வேண்டும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் ‘ஒரு மாதிரி’, ‘கிண்டல்’, ‘பெரிய விஷயம் ஒன்றும் இல்லை’ என்ற சொற்கள் இருக்கின்றன. நோட்டைத் தண்ணீரில் போட்டுவிட்டார்கள் என்ற ஒரு வரியும் இருக்கிறது. முதலில் சொன்னவற்றைப் படித்தபோது எனக்கு எதுவும் கண்முன் வரவில்லை. நோட்டைப் பற்றிய வரியைப் படித்ததும் நடந்தது என்ன என்று தெரிந்துவிட்டது. உன் அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும்.

நம் மொழியில் கேலி, கிண்டல், சீண்டல், வம்பு என்று இதற்கு இருக்கும் சொற்கள் எல்லாமே கொஞ்சம் சிரிப்பு கலந்த சொற்கள். அண்ணன் தங்கையைச் செய்வதும் கிண்டல்தான், நான்கு பேர் சேர்ந்து ஒருவரை மாதக்கணக்கில் வதைப்பதும் கிண்டல்தான். ஆகவே நீ “என்னைக் கிண்டல் செய்கிறார்கள்” என்று சொன்னால், கேட்கும் பெரியவருக்குத் தன் பள்ளிக் காலத்தில் தானும் பட்டு, பிறகு மறந்துபோன ஏதோ ஒன்று நினைவுக்கு வருகிறது. உடனே “அதையெல்லாம் கண்டுகொள்ளாதே” என்று சொல்லிவிடுகிறார். உன்னை நம்பாததால் அவர் அப்படிச் சொல்வதில்லை. நீ கையில் கொடுத்த சொல் அவ்வளவு லேசாக இருந்தது, அவ்வளவுதான்.

கிண்டல் எங்கே முடிந்து கொடுமை எங்கே தொடங்குகிறது என்பதை 1970களிலிருந்து ஆராய்ந்தவர் டான் ஓல்வேயுஸ் என்ற உளவியலாளர். அவர் வகுத்துச் சொன்ன மூன்று அடையாளங்களை இன்றும் இந்தத் துறையில் இருப்பவர்கள் பயன்படுத்துகிறோம். செய்பவர்கள் வேண்டுமென்றே செய்கிறார்கள் என்பது ஒன்று. அது ஒரு நாளோடு நிற்காமல் திரும்பத் திரும்ப நடக்கிறது என்பது இன்னொன்று. இரு பக்கமும் சம பலத்தில் இல்லாததால், பாதிக்கப்படுபவரால் தன் முயற்சியில் அதை நிறுத்த முடியவில்லை என்பது மூன்றாவது. ஆள் எண்ணிக்கை, உடல் வலு, வயது, வகுப்பில் இருக்கும் செல்வாக்கு ஆகிய எதிலிருந்தும் அந்தப் பலம் வரலாம். இதை நான் உனக்குச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீ சொல்லப்போகும் செய்தியில் இந்த மூன்றும் இருந்துவிட்டால், அதைக் கேட்கும் எவராலும் ‘விளையாட்டுக்குச் செய்திருப்பார்கள்’ என்று எளிதில் தள்ளிவிட முடியாது. என்ன செய்தார்கள், எத்தனை நாளாக, எத்தனை பேர், நிறுத்த நீ முயன்றும் என்ன ஆயிற்று என்ற நான்கு விவரங்களைச் சொன்னால் மூன்று அடையாளங்களும் தாமாகவே அதற்குள் வந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை என்னிடம் ஆலோசனைக்கு அழைத்து வந்திருந்தார்கள். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். காலையில் வயிற்றுவலி வரும், விடுமுறை நாட்களில் வராது. மருத்துவர் பரிசோதித்து உடலில் குறை ஒன்றும் இல்லை என்று சொல்லி என்னிடம் அனுப்பியிருந்தார். மூன்றாவது சந்திப்பில்தான் பள்ளியில் நடப்பதை என்னிடம் சொன்னான். அம்மாவிடம் சொல்ல வேண்டும், ஆனால் பேச வராது என்றான். எழுதலாமே என்றேன். அவன் முதலில் எழுதிக்கொண்டு வந்தது இரண்டு முழுப் பக்கம். பள்ளி திறந்த முதல் நாளில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதில் தொடங்கி, ஒரு பழைய நண்பன் எப்படி மாறிப்போனான் என்பதைச் சொல்லி, இரண்டாம் பக்கத்தின் பாதியில்தான் கழிவறை வாசலில் நடப்பதற்கு வந்திருந்தான். அவனுக்கு அந்தக் கதை முழுவதும் முக்கியம்தான். ஆனால் பதற்றத்தோடு படிக்கும் ஒரு தாய் அந்த இடத்துக்கு வருவதற்குள் நான்கு கேள்விகள் கேட்டு அவனை நிறுத்திவிடுவார்.

இரண்டாவது முறை ஒரே வரியாகச் சுருக்கிவிட்டான். “எனக்குப் பள்ளிக்குப் போகப் பிடிக்கவில்லை.” இதைப் படிப்பவர் பாடம் கஷ்டமாக இருக்கிறது போலும் என்று நினைத்து, தனிப்பயிற்சிக்கு ஏற்பாடு செய்துவிடக்கூடும். நடந்த எதுவும் அந்த வரியில் இல்லை.

மூன்றாவது முறை நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தோம். “மூன்று மாதமாக என் வகுப்பில் மூன்று பேர் இடைவேளையில் என்னைக் கழிவறை வாசலில் மறித்து உள்ளே போக விடுவதில்லை. வாரத்தில் மூன்று நான்கு நாள் இது நடக்கிறது. நிறுத்தச் சொன்னேன், சிரித்தார்கள். வேறு நேரத்தில் போய்ப் பார்த்தேன், அப்போதும் வந்தார்கள். இதை என்னால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை.” இவ்வளவுதான். அவர்களைப் பற்றி ஒரு வசைச்சொல் இல்லை, அவன் எவ்வளவு வருந்தினான் என்பதற்கான விளக்கமும் இல்லை. ஆனால் காலையில் ஏன் வயிறு வலித்தது, தண்ணீர்ப் பாட்டில் ஏன் நிறைந்தபடியே வீடு திரும்பியது என்பதெல்லாம் அந்தத் தாய்க்கு ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது.

அந்தத் தாளை அவன் பேசாமல் நீட்டினான். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. நெடுநாள் அடக்கிவைத்த ஒன்றைச் சொல்லப் போகும்போது தொண்டை அடைப்பதும் அழுகை முந்திக்கொண்டு வருவதும் உடம்பின் இயல்பு. அழுகை நின்ற பிறகுதான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தால் அந்த நேரம் வராமலேயே போகலாம். எழுதிய தாளுக்கு இருக்கும் பெரிய வசதி, நீ அழுதுகொண்டிருக்கும்போதும் அது தெளிவாகப் பேசும் என்பதுதான். கைபேசியில் செய்தியாகவும் அனுப்பலாம், ஆனால் அவர் வேலைக்கு நடுவில் அரைகுறையாகப் படிக்க நேரும் வேளையில் அனுப்பாதே. ஒருவேளை பேசத்தான் போகிறாய் என்றால், எதிரெதிரே உட்காராமல் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வேளையைத் தேர்ந்தெடு. சேர்ந்து நடந்து போகும்போது, துணி மடிக்கும்போது, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இருக்காது, அதனால் வார்த்தை கொஞ்சம் எளிதாக வரும். அவர் எங்கோ கிளம்பிக்கொண்டிருக்கும்போது மட்டும் தொடங்காதே. குறைந்தது அரைமணி நேரமாவது உங்கள் இருவருக்கும் இருக்க வேண்டும்.

அந்தச் சிறுவனின் அம்மா படித்து முடித்ததும் முதலில் சொன்னது, “இவ்வளவு நாள் ஏன் என்னிடம் சொல்லவில்லை?” என்பதுதான். இதை உனக்கு மறைக்க விரும்பவில்லை. பெரும்பாலான பெற்றோர்களின் வாயிலிருந்து முதலில் வருவது இந்தக் கேள்விதான். கேட்பதற்கு அது திட்டு போலவே இருக்கும், ஆனால் அவர்களைப் பொறுத்தவரை அது தங்கள் மேலேயே வரும் கோபம். இது வரும் என்று எதிர்பார்த்து ஒரு பதிலை முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தோம். “பயமாக இருந்தது, அதனால் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்” என்றான். அந்தப் பதில் இருந்ததால் பேச்சு அங்கேயே முறியாமல் மேலே போனது.

வேறு சில பதில்களும் வரலாம். “நீ என்ன செய்தாய்?” என்று கேட்டால், அன்று நீ செய்ததை உள்ளபடி சொல். நீ பதிலுக்கு ஏதாவது சொல்லியிருந்தாலும் அதை மறைக்காதே, ஏனென்றால் பிறகு வேறொருவர் மூலம் அது தெரியவந்தால் உன் மற்ற வார்த்தைகளையும் சந்தேகிப்பார்கள். நீ ஒருமுறை பதிலுக்குத் திட்டியதால், நான்கு பேர் மாதக்கணக்கில் செய்வது நியாயம் ஆகிவிடாது. “திருப்பி அடி” என்று சொன்னால், “அவர்கள் நான்கு பேர், நான் ஒருவர், அடித்தால் தண்டனை எனக்கும் கிடைக்கும்” என்று சொல். “கண்டுகொள்ளாதே” என்றால், “இத்தனை மாதம் அப்படித்தான் இருந்து பார்த்தேன், நிற்கவில்லை” என்று சொல். அப்போதும் அவர் காதில் ஏறவில்லையென்றால் நீ சொன்ன விதம் தவறு என்று எடுத்துக்கொள்ளாமல் அதே தாளை இன்னொருவரிடம் கொடு. வகுப்பாசிரியர், பள்ளி ஆலோசகர், சித்தி, மாமா, பாட்டி, வளர்ந்த அக்கா என்று யாராகவும் அவர் இருக்கலாம். யாரைத் தேர்வு செய்வது என்பதற்கு நான் பார்க்கும் அளவுகோல் எளிமையானது. வேறு யாராவது ஒரு தவறைச் சொன்னபோது, உடனே தீர்ப்புச் சொல்லாமல் முழுதாகக் கேட்டவர் யார் என்று நினைத்துப் பார்.

உன் அப்பாவைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். அதை வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். கோபத்தோடு பள்ளி வாசலில் போய் நின்றோ, அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இரவோடு இரவாகப் போன் செய்தோ பேசினால், அது இரு குடும்பங்களின் சண்டையாக மாறி, மறுநாள் அதன் விளைவு உன் தலையில் விழுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சிறுவனின் அப்பாவும் அன்றிரவே போனைக் கையில் எடுத்தவர்தான். ஆனால் தாளின் கடைசியில் ஒரு வேண்டுகோளையும் சேர்த்திருந்தோம். “நான் சொல்லி முடிக்கும்வரை கேளுங்கள். பள்ளியில் யாரிடமாவது பேசுவதற்கு முன், என்ன பேசப் போகிறீர்கள் என்று என்னிடம் சொல்லுங்கள்.” அந்த இரண்டு வரியைச் சுட்டிக்காட்டித்தான் அம்மா அவரைத் தடுத்தார். மறுநாள் இருவரும் வகுப்பாசிரியரை நேரம் கேட்டுச் சந்தித்தார்கள்.

கவனித்துப் பார்த்தால் இந்த வேண்டுகோளில் ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று இல்லை. அதை நீ கேட்கவும் வேண்டாம், கேட்டால் அவர்கள் சம்மதிக்கவும் கூடாது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு பிள்ளை வற்புறுத்தியதால், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரத்தில் நிலைமை மோசமாகி அதை மீற வேண்டியதாயிற்று, அந்தப் பிள்ளை அதன் பிறகு என்னிடம் பேசவே இல்லை. ஆகவே ரகசியமாக வைத்திருக்கச் சொல்லாதே. என்ன செய்யப் போகிறார்கள் என்பது உனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று மட்டும் கேள். பிள்ளைகள் சொல்லத் தயங்குவதற்கு ஒரு பெரிய காரணம், சொன்ன மறுகணமே விஷயம் தங்கள் கையை விட்டுப் போய்விடும் என்ற எண்ணம். எல்லாம் உன் விருப்பப்படி நடக்கும் என்று நான் உறுதி கூற முடியாது. ஆனால் உன்னைக் கேட்காமல் எதுவும் நடக்காதபடி பார்த்துக்கொள்ள இந்த வேண்டுகோள் உதவும்.

ஆசிரியரிடம் போகும்போது அவர்களுக்கு உதவியது அவன் எழுதிவைத்திருந்த சிறு குறிப்பு. தேதி, இடம், செய்தவர், செய்தது அல்லது சொன்னது, அருகில் இருந்து பார்த்தவர் என்ற ஐந்தும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரியில் இருந்தன. நீயும் இன்றிலிருந்து இப்படி எழுதிவரலாம். ‘மோசமாகப் பேசினார்கள்’ என்று எழுதாமல் அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுது. அந்தப் பட்டப்பெயரை வாயால் சொல்ல உனக்கு அருவருப்பாக இருக்கலாம், எழுதிக் காட்டினால் போதும். கைபேசியில் வந்தவை இருந்தால், படிக்கப் பிடிக்கவில்லையே என்று அழித்துவிடாதே. அனுப்பியவர் பெயரும் நேரமும் தெரியும்படி திரையைப் படமெடுத்து வைத்துக்கொள். உடை இல்லாத படம் எதுவும் இதில் சம்பந்தப்பட்டிருந்தால் மட்டும், அதை நகலெடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ செய்யாமல், உடனே ஒரு பெரியவரிடம் சொல். இந்தக் குறிப்பு முழுமையாகட்டும், பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். நோட்டு தண்ணீரில் போன அந்த ஒரு நாளின் விவரம் இருந்தாலே நீ தொடங்கிவிடலாம்.

அங்கே பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் மூவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசினார். அந்தச் சிறுவனையும் அவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கைகுலுக்கச் சொல்லவில்லை. சம பலம் இல்லாத இடத்தில் அப்படிச் சமரசம் செய்துவைத்தால், பாதிக்கப்பட்டவர் பயத்தில் தலையாட்டிவிட்டுத் திரும்புவதுதான் நடக்கும். உன் பள்ளியில் அப்படி ஏதாவது சொன்னால், “எனக்கு அவர்களோடு ஒரே அறையில் பேச விருப்பம் இல்லை” என்று சொல்ல உனக்கு உரிமை உண்டு. இடைவேளையில் அந்த நடைவழியில் ஓர் ஆசிரியர் நிற்கத் தொடங்கினார். முதல் வாரம் மறிப்பது நின்றது, ஆனால் முணுமுணுப்பும் முறைப்பும் இருந்தன. மூன்றாவது வாரம் ஒரு நாள் பழையபடி நடந்தது, அன்றைக்கே குறிப்பில் ஏறியது, மறுநாள் ஆசிரியருக்குப் போனது. அதன் பிறகு குறைந்தது. ஒரே நாளில் தீர்ந்ததாக நினைத்துப் பெரியவர்கள் கேட்பதை நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. குறைந்தது இரண்டு மாதமாவது வாரம் ஒரு முறை உன்னிடம் கேட்கும்படி அம்மாவிடம் நீயே சொல்லி வை. ‘பள்ளி எப்படி இருந்தது?’ என்று கேட்டால் பழக்கத்தில் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் வரும். ‘இந்த வாரம் அந்த நான்கு பேர் ஏதாவது செய்தார்களா?’ என்று கேட்கச் சொல்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நோட்டு தவறி விழுந்ததாக அம்மாவிடம் சொன்னது உன்னை உறுத்திக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பொய்யையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்ற தயக்கமே பல பிள்ளைகளின் வாயை அடைத்துவிடுகிறது. உன் விஷயத்தில் அந்தப் பொய்யே நல்ல தொடக்கமாக இருக்கும். அந்த நோட்டை அம்மா பார்த்திருக்கிறார். அது நனைந்ததும், நீ சொன்ன காரணமும் அவருக்கு நினைவிருக்கும். எங்கிருந்து தொடங்குவது என்று நீ தேட வேண்டியதில்லை. உன் கடிதத்தில் உள்ள விவரங்களைக் கொண்டே எழுதிப் பார்த்தேன். உன் பேச்சுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள், நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன் என்ற வரி உண்மையில்லை என்றால் எடுத்துவிடு.

“அம்மா, அன்றைக்குக் கணக்கு நோட்டு தவறி விழவில்லை. என் வகுப்பில் நான்கு பேர் அதைத் தண்ணீரில் போட்டார்கள். பள்ளி திறந்ததிலிருந்தே அவர்கள் என்னைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன், நிறுத்தவில்லை. சில நாள் எங்காவது போய்விடலாம் போல இருக்கிறது. பயந்துதான் உங்களிடம் பொய் சொன்னேன். முதலில் நான் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.”